கிக்ஆஃப் டெக்கில் "செய்ய மாட்டோம்" என்ற பத்தியும் வேண்டும்

கேள்வி: ஆறு பேர் கொண்ட வெப்சைட் நிறுவனம் நடத்துகிறேன். அடுத்த வாரம் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆன்லைன் ஸ்டோர் வேலை தொடங்குகிறது. போன கிளையன்ட்டோடு பாதியில் "இதுவும் சேர்த்துத்தானே?" என்று சண்டை வந்துவிட்டது. வேலையைத் தொடங்கும் கிக்ஆஃப் மீட்டிங்குக்கு ஸ்லைடு டெக் எப்படிப் போடுவது?

பதில்: நிறுவன அறிமுகம், பழைய வேலைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவற்றைப் பார்த்துத்தான் ஆர்டரே தந்திருக்கிறார்கள். ஏழெட்டு ஸ்லைடு போதும்; பாதி நேரத்துக்கு மேல் வேலையின் எல்லையைச் சொல்லும் ஸ்லைடுக்கே போகட்டும்.

அந்த ஸ்லைடை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: செய்வது, செய்யாதது. "பொருட்களைப் பதிவேற்றுவோம்" என்று மட்டும் எழுதினால், கடையில் உள்ள அத்தனை புடவையும் என்றுதான் முதலாளி எடுத்துக்கொள்வார். "200 பொருட்கள், விவரம் எக்செலில் நீங்கள் தருவது, டிசைனில் இரண்டு முறை திருத்தம்" என்று எண்ணோடு எழுதுங்கள். செய்யாதவற்றில் போட்டோ எடுப்பது, பொருள் விவரம் எழுதுவது, பில்லிங் சாஃப்ட்வேருடன் இணைப்பது ஆகியவை வரட்டும். நான் ஒருமுறை போட்டோவைப் பற்றி எழுதாமல் விட்டேன். மூன்றாவது வாரம் கடைக்காரர், "போட்டோகிராபர் எப்போ வர்றாரு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. டெக்கில் உள்ள எண்கள் கொட்டேஷனோடு ஒத்துப்போகின்றனவா என்று முந்தின நாளே சரிபாருங்கள்.

அடுத்தது பொறுப்புகள். குடும்பக் கடையில் அப்பா ஒரு நிறம் சொல்வார், மகன் வேறொன்று சொல்வார். டிசைன், பொருள் பட்டியல், பேமென்ட் கேட்வே என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டு, ஒப்புதல் தருபவர் பெயரைக் காலியாக விடுங்கள். மீட்டிங்கில் அவர்களிடமே கேட்டு, அவர்கள் கண்முன் டைப் செய்யுங்கள். ஒரு வரிக்கு ஒரே பெயர். முடிவெடுப்பவர் வராவிட்டால் மீட்டிங்கையே தள்ளிப்போடுங்கள். கேட்வேக்கான கேஒய்சி கடையின் பான், வங்கிக் கணக்கை வைத்து நடப்பதால், அதற்கான தேதியை அவர்கள்தான் தர வேண்டும்.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று விதி போடாதீர்கள், நடக்காது. பேசுவதற்கு வாட்ஸ்அப், ஒப்புதலுக்கும் மாற்றத்துக்கும் மெயில் என்று பிரியுங்கள். வாய்ஸ் நோட்டில் மாற்றம் வந்தால் நீங்களே அதை மெயிலாக எழுதி, "இதுதானே?" என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். கருத்துச் சொல்ல மூன்று வேலை நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் டெலிவரியும் ஒரு நாள் தள்ளும் என்பதை ஸ்லைடில் எழுதுவதோடு வாய்விட்டும் சொல்லுங்கள்.

எல்லோரும் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். "ஸ்டோர் திறக்கும் நாளில் உங்கள் பக்கம் என்னென்ன தயாராக இருக்கும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதிலில் போட்டோ வரவில்லையென்றால் எல்லை ஸ்லைடுக்குத் திரும்புங்கள். அன்று மாலையே பெயர்கள் நிரப்பிய டெக்கைப் பிடிஎஃப்பாக மெயிலில் அனுப்புங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு டிசைனைத் தொடங்குங்கள்.