ரெப்போ இறங்கியும் கில்ட் ஃபண்டு ஏன் சறுக்கியது? கேள்வி பதில்

கவிதா: 2025 ஜூன்ல ரெப்போ அரை சதவீதம் குறைஞ்சதும் கில்ட் ஃபண்டுல போட்டேன். வட்டி குறைஞ்சா பத்திர விலை ஏறும்னாங்க. ஆகஸ்ட்ல என்ஏவி, அதான் யூனிட் விலை, இறங்கிடுச்சே, எப்படி?

சொன்னது சரிதான், எந்த வட்டி என்பதில்தான் சிக்கல். ரெப்போ, ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் ஒரு சில நாள் கடனுக்கான வட்டி. உங்கள் ஃபண்டு வைத்திருப்பது பத்து வருட அரசுப் பத்திரங்கள். அவற்றின் யீல்டு, அதாவது இன்றைய விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வருமான சதவீதம், இனி வரப்போகும் வட்டிப் பாதையை இன்றே ஊகித்து நிற்கும்.

பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் கால் சதவீதம் குறைந்திருந்தது. இன்னும் குறையும் என்று விலையில் ஏற்கெனவே ஏறியிருந்தது. ஜூன் 6 அன்று பலரும் எதிர்பார்த்தது கால் சதவீதம். வந்ததோ அரை, 6-லிருந்து 5.5-க்கு. ஆனால் அதே அறிக்கையில் ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை ‘நியூட்ரல்’ என்று மாற்றிக்கொண்டது. இனிக் குறைக்க இடம் குறைவு என்று சந்தை அதைப் படித்தது. முதலில் இறங்கிய பத்து வருட யீல்டு அன்றே திரும்பிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் 6.5-க்கு மேல் போனது.

6.33 சதவீதக் கூப்பன், அதாவது வருட வட்டி, உள்ள பத்து வருடப் பத்திரம் 100 ரூபாய்க்கு இருக்கிறது என்று வையுங்கள். யீல்டு 6.58 ஆனால் விலை சுமார் 98 ரூபாய் 20 காசு. கால் சதவீத அசைவுக்கு 1.80 ரூபாய் போகிறது, கிட்டத்தட்ட மூன்றரை மாதக் கூப்பன் அளவு. ஒரு வருடப் பத்திரத்தில் இதே அசைவுக்கு 25 காசுகூடப் போகாது. ஃபேக்ட்ஷீட்டில் ‘மாடிஃபைடு டியூரேஷன்’ 7 என்றிருந்தால் யீல்டு ஒரு சதவீதம் ஏறும்போது என்ஏவி சுமார் 7 சதவீதம் இறங்கும். வாங்குமுன் பார்க்க வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

முருகேசன்: ஜூலைல நுகர்வோர் விலைக் குறியீடு, அதான் சிபிஐ, காட்டுன பணவீக்கம் 1.55 சதவீதம்தான் சார். பணவீக்கம் விழுந்தா யீல்டும் விழணும். பெரிய கைங்க வித்துத் தள்ளியிருக்காங்க, அதான் காரணம்.

பாதி சரி, விற்றார்கள். ஏன் விற்றார்கள் என்று பாருங்கள். அந்த 1.55-ஐ இழுத்து இறக்கியது காய்கறி. முந்தைய ஜூலையைவிட 20 சதவீதத்துக்கும் மேல் விலை விழுந்திருந்தது. அப்போதைய 2012 அடிப்படைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86. தக்காளி மலிந்தால் எண் படுத்துவிடும். ஆனால் அடுத்த வருடம் அந்தத் தாழ்ந்த விலையோடுதான் ஒப்பிடுவார்கள், எண் எகிறும். ரிசர்வ் வங்கியே ஆகஸ்ட் 6 அன்று 2026 ஏப்ரல்–ஜூனுக்கு 4.9 என்று கணித்திருந்தது. பத்து வருடப் பத்திரம் வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார்.

ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பும் வந்தது. வரி குறைந்தால் அரசு அதிகம் கடன் வாங்குமோ என்ற பயம் சேர்ந்துகொண்டது. எது எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாது. டீலர்களே ஒத்துப்போக மாட்டார்கள்.

ஃபாத்திமா: என் வீட்டுக் கடன் இஎம்ஐ குறையவே இல்லண்ணா. அப்போ பேங்குக்குத்தானே லாபம், பேங்க் பங்கு வாங்கலாமா?

இஎம்ஐ அப்படியே இருந்து தவணை மாதங்கள் குறைந்திருக்கலாம், ஸ்டேட்மென்டில் பாருங்கம்மா. கடன் ரெப்போவோடு கட்டியதா, பேங்க் தன் நிதிச் செலவை வைத்துத் தானே போடும் எம்சிஎல்ஆரோடு கட்டியதா என்றும் பாருங்கள். ரெப்போ கடன் என்றால் மூன்று மாதத்துக்குள் வட்டி மாறியாக வேண்டும்.

பேங்குக்கு வலிப்பதும் அதே இடம்தான். கடன் வட்டி உடனே இறங்கும். பழைய எஃப்டிக்கு முதிர்வு வரை பழைய வட்டியே கொடுக்க வேண்டும். இடையில் சில காலாண்டுகள் மார்ஜின் நசுங்கும். அப்படியும் ஜூன் 6 அன்று பேங்க் பங்குகள் ஏறின. டெபாசிட்டில் பேங்குகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்தாக வேண்டிய பங்கான சிஆர்ஆர் 4 சதவீதத்திலிருந்து 3-க்கு நான்கு தவணைகளில் இறங்கும், 2.5 லட்சம் கோடி விடுபடும் என்று அறிவித்ததுதான் முக்கியக் காரணம். சிஆர்ஆரில் கிடக்கும் பணத்துக்கு வட்டியே கிடையாது. ஆகவே ‘ரேட் கட் = பேங்க் பங்கு’ என்று வாங்காதீர்கள். காலாண்டு பிரசன்டேஷனில் ரெப்போவோடு கட்டிய கடன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது கூடக் கூட மார்ஜின் அடி சீக்கிரம் விழும்.

தினேஷ்: சிபிஐ வர்ற அன்னிக்கு 3.25-க்கு நிஃப்டி ஆப்ஷன் வாங்கி வச்சா?

சிபிஐ வருவது மாலை 4 மணிக்கு, பங்குச்சந்தை மூடுவது 3.30-க்கு. அரசுப் பத்திரச் சந்தை 5 மணி வரை திறந்திருப்பதால் முதலில் அசைவது அதுதான். காலை 9.15-க்கு உங்களுக்குக் கிடைப்பது செரித்து முடித்த விலை, ஒரு இரவு டைம் வேல்யூ போன பிரீமியம்.

எண்ணின் அளவைவிட எதிர்பார்ப்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் ஆட்டிப் பார்க்கும். 2022 மே 4 அன்று கூட்ட அட்டவணையில் இல்லாமல் மதியம் 2 மணிக்கு ரெப்போவை 0.40 ஏற்றினார்கள், சென்செக்ஸ் 1,307 புள்ளி விழுந்தது. அடுத்து ஜூன் 8 அன்று 0.50 ஏற்றினார்கள். அது எல்லோரும் எதிர்பார்த்தது; விழுந்தது 215 புள்ளிதான்.