செட்டில்மென்ட் லெட்டரில் 'நான்-மெடிக்கல்' என்று வெட்டிய தொகையைப் படிப்பது எப்படி?

கேள்வி: "அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். பில் 1,62,400 ரூபாய். இன்சூரன்ஸில் 1,43,150தான் வந்தது. மீதி 19,250க்கு 'நான்-மெடிக்கல், கன்ஸ்யூமபிள்ஸ்' என்று காரணம் போட்டிருக்கிறார்கள். இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா?"

வேண்டியதில்லை. அந்த 19,250 ஒரே இனம் அல்ல. அதில் ஒரு பகுதி உங்கள் கைக்காசு, அதைக் கேட்டுப் பயனில்லை. ஒரு பகுதி மருத்துவமனை தனியாகப் போட்டே இருக்கக் கூடாதது. இன்னொரு பகுதி நியாயமாக இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டியது. மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டுவிடுவதால்தான் லெட்டர் புரியாமல் போகிறது.

பிரிப்பதற்கான அளவுகோல் உங்கள் பாலிசியிலேயே இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்தப் பொருட்களை நான்கு பட்டியல்களாக வகுத்தது. பெரும்பாலான மெடிக்ளைம் பாலிசிகளின் கடைசிப் பக்கங்களில், பின்னிணைப்பாக, இந்த நான்கும் அச்சாகியிருக்கும். முதல் பட்டியலில் 68 பொருட்கள். பாலிசியில் இவற்றுக்குப் பணம் கிடையாது, கூடுதல் பிரீமியம் கட்டி 'ரைடர்' என்ற துணைக் காப்பு எடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவதில் 37 பொருட்கள், அவை அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை. மூன்றாவதில் 23, அவை ஆபரேஷன் அல்லது சிகிச்சை முறைக்கான கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை. நான்காவதில் 18, அவை சிகிச்சைச் செலவுக்குள் அடங்க வேண்டியவை.

இங்கே 'கிடையாது' என்பதற்கும் 'அடங்க வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் பட்டியல் மட்டும்தான் 'கிடையாது' என்கிறது. மற்ற மூன்றும் 'இதற்கென்று தனிக் கட்டணம் போடாதே, ஏற்கெனவே வாங்கும் கட்டணத்திலேயே இது சேர்ந்தது' என்கின்றன. லெட்டரிலோ நான்குக்கும் ஒரே வார்த்தை: நான்-பேயபிள்.

இனி வேலையை ஆரம்பிக்கலாம். லெட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மருத்துவமனையின் ஐட்டம் வாரியான இறுதி பில், மருந்தக பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசி வாசகங்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். லெட்டரில் பிடித்தம் ஒரே தொகையாக இருந்தால், வரிவாரியான விவரத்தை, கம்பெனிக்காகக் கிளைமைக் கவனிக்கும் டிபிஏவிடமோ கம்பெனியிடமோ மெயிலில் கேளுங்கள். கிளைமில் ஒரு பகுதியை மறுத்தாலும், பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐயின் 2024 மே மாத மாஸ்டர் சர்க்குலர் சொல்கிறது. 'பாலிசி விதிகளின்படி' என்ற பொத்தாம்பொதுவான பதில் போதாது.

உங்கள் 19,250 ரூபாயின் விவரம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையுறை, மாஸ்க், ஈசிஜி எலக்ட்ரோடு 4,860. 'சர்ஜிக்கல் கிட்' 6,200. ஃபைல் ஓப்பனிங், டாக்குமென்டேஷன் சார்ஜ் 1,150. ஹார்மானிக் ஸ்கால்ப்பெல் என்ற வெட்டுக் கருவி 5,500. யூரின் பேக், ஆல்கஹால் ஸ்வாப் 440. ஆயின்ட்மென்ட் 600. ஐவி கேனுலா 500.

முதல் வரியில் வாதாட ஒன்றும் இல்லை. கையுறை, மாஸ்க், ஈசிஜி எலக்ட்ரோடு மூன்றும் பெயர் சொல்லி முதல் பட்டியலில் உள்ளன. ஆபரேஷன் தியேட்டரில் கையுறை இல்லாமல் எப்படி என்று கேட்கத் தோன்றும், கேள்வியும் நியாயம்தான். ஆனால் ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. டயப்பர், கிரேப் பேண்டேஜ், நெபுலைசர் கிட், ஆக்சிஜன் மாஸ்க், வயிற்றுக்குக் கட்டும் பைண்டர் ஆகியவையும் இதே பட்டியல்தான். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாலிசி ஷெட்யூலில் கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் இருக்கிறதா? அதற்குத் தனி பிரீமியம் கட்டியிருந்தும், கணக்குப் போடும்போது வழக்கம்போல வெட்டிவிட்டிருக்கலாம். ரைடர் இருந்தால் அதன் வாசகத்தையும் படியுங்கள். சில ரைடர்கள் முதல் பட்டியல் முழுவதையும் தருகின்றன, சில குறிப்பிட்ட பொருட்களை மட்டும் தருகின்றன.

அதிகப் பணம் மாட்டிக்கொள்ளும் இடம் அடுத்த வரி, 'கிட்'. முதல் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: விவரம் குறிப்பிடப்படாத எந்தக் கிட்டுக்கும் பணம் இல்லை. டெலிவரி கிட், ஆர்த்தோ கிட், ரெகவரி கிட் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். இங்கே தடையாக இருப்பது 'விவரம் இல்லை' என்பதுதான். விவரத்தைக் கொடுத்துவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். மருத்துவமனை பில்லிங் பிரிவுக்குப் போய், கிட்டுக்குள் என்னென்ன, ஒவ்வொன்றும் என்ன விலை என்று லெட்டர்ஹெட்டில் முத்திரையுடன் எழுதி வாங்குங்கள். 6,200 இப்படிப் பிரிந்தது என்று வையுங்கள்: தையல் நூல் 2,300, பித்தப்பை நாளத்தை அடைக்கும் கிளிப் 1,900, கையுறை 700, கவுன், தொப்பி, ஷூ கவர் 1,300. தையல் நூலும் கிளிப்பும் நான்கு பட்டியல்களிலும் கிடையாது. அவை ஆபரேஷனுக்குத் தேவையான பொருட்கள், எனவே 4,200 ரூபாயை நேராகக் கேட்கலாம். ஆபரேஷன் நோட்டில் கிளிப் போட்டதாக எழுதியிருக்கும், அதன் நகலையும் இணையுங்கள். 700 முதல் பட்டியலோடு போகட்டும். கவுன், தொப்பி, ஷூ கவர் இரண்டாவது பட்டியல். அந்த 1,300 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஆயின்ட்மென்டும் இப்படித்தான் தவறாக வெட்டுப்படும். 'கிரீம், பவுடர், லோஷன்' என்ற வரி முதல் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் அதே வரியில், டாய்லெட்ரி வகைக்குத்தான் பணம் இல்லை, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக்கு உண்டு என்றும் இருக்கிறது. காயத்துக்குப் போடும் ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட் என்றால், மருந்துச் சீட்டையோ கேஸ் ஷீட்டில் அது எழுதப்பட்ட பக்கத்தையோ காட்டினால் 600 ரூபாயைக் கேட்கலாம்.

கேனுலாவுக்கு இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முதல் பட்டியலின் கடைசி, 68ஆவது பொருள் 'வேசோஃபிக்ஸ் சேஃப்டி'. அது ஒரு பிராண்டின் பெயர். சாதாரண ஐவி கேனுலா என்ற பெயர் பட்டியலில் இல்லை. மருந்தக பில்லில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண கேனுலா என்றால் 500 ரூபாயைக் கேட்கலாம். சிரிஞ்ச், ஐவி செட், சலைன் ஆகியவற்றை யாராவது 'கன்ஸ்யூமபிள்' என்று வெட்டியிருந்தாலும் இதே கேள்விதான்: எந்தப் பட்டியல், எத்தனையாவது எண்? கன்ஸ்யூமபிள் என்ற சொல்லே காரணமாகிவிடாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அல்லது பாலிசியில் வேறு விதி இருக்க வேண்டும்.

மீதமுள்ளவை 'அடங்க வேண்டிய' வகை. ஃபைல் ஓப்பனிங், டாக்குமென்டேஷன் இரண்டாவது பட்டியல். ஹார்மானிக் ஸ்கால்ப்பெல் மூன்றாவது. யூரின் பேக், ஆல்கஹால் ஸ்வாப் நான்காவது. கிட்டிலிருந்து எடுத்து வைத்த 1,300 ரூபாயையும் சேர்த்தால் 8,390. இதில் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும்.

முதல் கதவு மருத்துவமனை. அது நெட்வொர்க் மருத்துவமனை என்றால் கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பேக்கேஜ் தொகை பேசியிருந்தால், அதற்குள் வரும் கருவிக்கு நோயாளியிடம் தனியாக வாங்கியது ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்கும் அதன் நகல் போகட்டும். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை என்றால் இந்தப் பிடி தளர்ந்துவிடும், ஏனென்றால் ஐஆர்டிஏஐ ஒழுங்குபடுத்துவது காப்பீட்டுக் கம்பெனிகளை, மருத்துவமனைகளை அல்ல.

இரண்டாவது கதவு கம்பெனி. வாதம் எளிது. உதாரணமாக, இரண்டாவது பட்டியல் பொருட்களுக்கு: 'இது அறை வாடகையின் பகுதி என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. என் பாலிசியில் ஒரு நாள் வாடகை வரம்பு 5,000, மருத்துவமனை வாங்கியது 4,000. மீதி வரம்பு இருக்கும்போது இதை வாடகையோடு சேர்த்துக் கொடுக்க என்ன தடை?' இதற்குப் பணம் வந்தே தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். தையல் நூலுக்கான வாதம் போல இது அவ்வளவு உறுதியானது அல்ல. கடிதத்தில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். கலந்து எழுதினால், பலவீனமானதற்குச் சொல்லும் பதிலையே பலமானதற்கும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆக, 19,250 இல் உறுதியாகக் கேட்க வேண்டியது 5,300, முயன்று பார்க்க வேண்டியது 8,390, ரைடர் இல்லையென்றால் விட்டுவிட வேண்டியது 5,560.

லெட்டரில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று 'ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்'. வரம்பை மீறிய வாடகையில் அறை எடுத்திருந்தால் டாக்டர் ஃபீஸ் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். ஆனால் மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்கள் இந்த விகிதக் கணக்குக்குள் வரக் கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் இது பொருந்தாது. மருந்தக பில்லிலும் அதே சதவீதம் வெட்டியிருந்தால் அது தவறு. மற்றொன்று 'ஹாஸ்பிடல் டிஸ்கவுன்ட்'. அது மருத்துவமனை கம்பெனிக்குக் கொடுக்கும் தள்ளுபடி. டிஸ்சார்ஜ் கவுன்டரில் அந்தத் தொகையையும் உங்களிடம் வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

மறுபரிசீலனைக் கடிதத்தில் கிளைம் எண், பில் எண், பொருள், தொகை, பட்டியலில் உள்ளதா இல்லையா என்பது, இணைத்த ஆவணம் ஆகியவை வரிக்கு வரி இருந்தால் போதும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். டிபிஏவோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் முடிவு எடுக்கும் அதிகாரம் கம்பெனிக்குத்தான். bimabharosa.irdai.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். அங்கே கேட்கப்போகும் முதல் காகிதம் நீங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதனால் போனில் பேசித் தீர்க்கப் பார்க்காமல், தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.