Cc-இல் யாரைச் சேர்ப்பது?

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நூல்கள் சென்னையில் அச்சாகிக் கப்பலில் கொழும்புக்கு வருகின்றன. அச்சகத்துக்கு நான் எழுதும் மின்னஞ்சல்களில் எல்லாவற்றுக்கும் தன்னைச் சேர்க்கும்படி முதலாளி சொல்கிறார். போன வாரம் பெட்டிக் கணக்கில் பிழை இருந்ததால் அச்சக உரிமையாளரையும் Cc-இல் சேர்த்தேன். அதன்பின் அங்குள்ள மேலாளர் ஒற்றை வரியில்தான் பதில் எழுதுகிறார். யாரைச் சேர்ப்பது, சேர்த்ததை மரியாதையாக எப்படிச் சொல்வது?
– தி., வெள்ளவத்தை

அன்புள்ள தி.,

மேலாளர் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை. அவரே திருத்திவிடக்கூடிய பிழைக்கு அவருடைய முதலாளியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், Cc வரிசையில் உரிமையாளரின் பெயரைக் கண்டதும் அது புகாராகிவிடும். இரண்டு முறை நினைவூட்டியும் பதில் வராவிட்டால் உரிமையாளருக்கு எழுதலாம். அப்போதும் மேலாளரிடம் முதலில் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விலைப்பட்டியலில் 36 பெட்டி, பொதிப்பட்டியலில் 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவர் மேலாளர், ஆகவே To-வில் அவர் மட்டும். இந்த இரண்டு ஆவணங்களையும் வைத்துத்தான் கொழும்பில் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் சுங்கப் பிரகடனம் தயாரிக்கிறார். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் சரக்கு துறைமுகத்தில் தங்கும், தங்கும் நாளுக்கு வாடகை ஏறும். எனவே அவருக்கு Cc தேவை. மிகுதிப் பணத்துக்கு ஒப்புதல் தருபவர் உங்கள் முதலாளி என்றால் அவரும் இருக்கலாம். வேறு யாரும் வேண்டாம்.

நூலாசிரியர் டொராண்டோவில் இருந்துகொண்டு "புத்தகம் எப்போது வரும்?" என்று கேட்டபடி இருப்பார். அவரையும் சேர்த்துவிட்டால் தொல்லை தீரும் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். ஒரு பழைய சங்கிலியில் புதியவரைச் சேர்க்கும்போது, கீழே தொங்கும் பழைய கடிதங்களையும் அவர் கையில் கொடுக்கிறீர்கள். பிரதி ஒன்றுக்கு அச்சுக்கூலி எவ்வளவு, தாளை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று நீங்கள் பேரம் பேசியதெல்லாம் அங்கே இருக்கும். எழுத்தாளர் அதைப் படித்தால் அடுத்த கேள்வி தன் உரிமத்தொகையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியும் அவரைக் கேட்காமலே சென்னைக்குப் போய்விடும். அவருக்குத் தனியாக, புதிய தலைப்பில், இரண்டு வரி எழுதுங்கள். ஏஜென்டைச் சேர்க்கும்போதும் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு முறை உருட்டிப் பாருங்கள். பேரம் இருந்தால், ஆவணங்களை மட்டும் இணைத்துப் புது மடலாகத் தொடங்குங்கள்.

இனி, சொல்லும் விதம். ஏற்கெனவே எல்லோருக்கும் பழக்கமானவரைச் சேர்த்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்காரர் அறியாத பெயர் என்றால், அவர் யார், ஏன் இருக்கிறார், பெறுபவர் அவருக்காக என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கோரிக்கையை வைத்த உடனே சொல்லுங்கள், கடைசியில் பின்குறிப்பாக ஒட்டாதீர்கள். இப்படி:

"துறைமுகத்தில் எங்கள் சரக்கை விடுவிக்கும் முகவர் திரு. … அவர்களையும் இம்மடலில் இணைத்துள்ளேன். திருத்திய பொதிப்பட்டியலை எனக்கு அனுப்பும்போது அவருக்கும் சேர்த்து அனுப்பினால், கப்பல் வரும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்."

முதலாளிக்கு ஒரு வரி போதும்: "கொடுப்பனவுக்கு ஒப்புதல் தருபவர் என்பதால் எங்கள் நிர்வாக இயக்குநரும் இம்மடலைப் பார்க்கிறார்." காரணம் சொல்லாமல் "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று மட்டும் எழுதினால் மிரட்டலாகக் கேட்கும். நம் அலுவலகங்களில் இந்தத் தொடரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிற முதலாளியை Bcc-இல் ஒளித்துவைக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அவர் பழக்கதோஷத்தில் Reply All அழுத்தினால், அதுவரை மறைந்திருந்து படித்தது சென்னைக்குத் தெரிந்துவிடும். அனுப்பிய மடலைப் பிறகு அவருக்குத் தனியாக அனுப்பிவைப்பது பத்திரமானது.

ஒரு நுணுக்கம் உண்டு. சில வேளை மேலாளர் Cc-இல் இருப்பவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் பதில் எழுதுவார். அதில் திருத்திய பட்டியல் மட்டும் இருந்தால் Reply All அழுத்த மறந்திருக்கிறார். "முகவருக்கும் தேவைப்படுவதால் மீண்டும் இணைக்கிறேன்" என்று சொல்லி ஏஜென்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டிகளைக் கட்டியவர் விடுப்பில் போனார், எண்ணியவர் புதியவர் என்று விளக்கம் இருந்தால் அவர் வேண்டுமென்றேதான் தனியாக எழுதியிருக்கிறார். அந்தப் பதிலை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். அவருக்குத் தனியாகவே நன்றி சொல்லிவிட்டு, சரியான எண்ணிக்கையை மட்டும் ஏஜென்டுக்கு எழுதுங்கள். அவருடைய ஒற்றை வரிப் பதில்கள் நீளத் தொடங்குவதற்கும் அதுவே வழி.