'கடைசி வரை யாரோ': அந்த யாரோ யார்?

"'வீடு வரை உறவு' பாட்டில் வீடு, வீதி, காடு என்று வருவதெல்லாம் எதைக் குறிக்கிறது? கடைசியில் வரும் அந்த 'யாரோ' யார்?"

மூன்றுமே இறுதி ஊர்வலத்தில் ஒவ்வொருவரும் நின்றுவிடும் இடங்கள். எங்கள் தாத்தா இறந்தபோது பாட்டி தெருமுனை வரைதான் போனார். அங்கே பெண்கள் அவரைப் பிடித்து நிறுத்தித் திருப்பி அழைத்து வந்தார்கள். அப்பா மட்டும் கொள்ளிச்சட்டியோடு சுடுகாடு வரை நடந்தார். 'வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை' என்பது இந்த வழக்கம்தான். பிணம் போகும் அந்தச் சின்ன தூரத்தை வாழ்க்கைப் பயணமாகவே மாற்றிவிடுகிறார் கண்ணதாசன்.

சரி, 'யாரோ'வுக்கு வருவோம். 1962-இல் வந்த 'பாத காணிக்கை' பாட்டு இது. இதன் வேர் பட்டினத்தார் பாடலில் இருக்கிறது. அவர் கணக்கில் பொருளும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும். மனைவி வீதியோடு, மகன் சுடுகாட்டோடு. அப்புறம் விடையையும் அவரே சொல்லிவிடுகிறார்: 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே'.

கண்ணதாசன் செய்த பெரிய மாற்றம் இங்கேதான். அந்த விடையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'யாரோ' என்ற ஒரு சொல்லை வைத்தார். பட்டினத்தாரைத் தெரிந்தவருக்கு அது வினைப்பயன். தெரியாதவருக்குத் துணையே இல்லாத தனிமை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.