எந்த இலக்கணம் எழுதினாலும் மயக்கம் தீராத மொழி

கேள்வி: கூட்டல், பெருக்கல் கோவைகளுக்கான இலக்கணம் மயக்கமாக இருந்தால் மாற்றி எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று படித்தேன். எப்படி மாற்றி எழுதினாலும் மயக்கம் போகாத சூழல்சாரா மொழி உண்மையிலேயே உண்டா? இருந்தால் அதை எப்படி நிரூபிப்பது?

உண்டு. அப்படியொரு மொழி இருப்பதை முதன்முதலில் 1961இல் ரோஹித் பாரிக் நிறுவினார். பாடங்களில் வழக்கமாகக் காட்டப்படுவது, a^i b^j c^k என்ற வடிவில் i = j அல்லது j = k ஆக உள்ள எல்லாச் சரங்களையும் கொண்ட மொழி. இதற்கு யாருக்கும் முதலில் தோன்றும் இலக்கணம் இதுதான்:

```
S -> X C | A Y
X -> a X b | ε
C -> c C | ε
A -> a A | ε
Y -> b Y c | ε
```

aabbcc என்ற சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். XC வழியே போனால் a-க்களும் b-க்களும் சோடி சேர்கின்றன, c-க்கள் தனியே தொங்குகின்றன. AY வழியே போனால் b-க்களும் c-க்களும் சோடி சேர்கின்றன. ஒரே சரத்துக்கு இரண்டு வருவிப்பு மரங்கள்; மயக்கம் என்பது இதுதான்.

மாணவனாக இருந்தபோது இதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பி ஒரு மாலை முழுவதையும் செலவழித்தேன். மூன்று எண்ணிக்கைகளும் சமமாக உள்ள சரங்களை ஒரு பக்கத்திலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் i = j, அதே சமயம் j ≠ k என்ற நிபந்தனையுள்ள மொழி சூழல்சாரா மொழியே அல்ல என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. இருந்தாலும் இது நிரூபணம் ஆகாது. முற்றிலும் வேறு அமைப்புள்ள இலக்கணம் ஒன்று எங்கோ இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது.

அந்த ஐயத்தைத் தீர்ப்பது 1968இல் ஆக்டன் தந்த லெம்மா. போதிய நீளமுள்ள சரத்தின் சில துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் அது மொழிக்குள்ளேயே இருக்கும் என்பது சாதாரணப் பம்பிங் லெம்மா; அதில் பெருக்கப்படும் துண்டு எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. ஆக்டனின் லெம்மாவிலோ சரத்தின் சில எழுத்துகளை நாமே குறியிட்டு, பெருக்கம் அவற்றைத் தொட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம்.

இந்த மொழிக்கு ஏதோ ஓர் இலக்கணம் தரப்பட்டிருக்கிறது என்றும், அதற்கான லெம்மாவின் மாறிலி n என்றும் கொள்வோம். a^n b^n c^(n+n!) என்ற சரத்தில் a-க்களை மட்டும் குறியிடுகிறோம். இப்போது a-க்களை மட்டும் பெருக்கினால் சரம் மொழியை விட்டு வெளியேறிவிடும். a-க்களோடு c-க்களைச் சேர்த்துப் பெருக்கினாலும் அதே கதி. a-க்களையும் b-க்களையும் வெவ்வேறு அளவில் பெருக்கினால், ஒருமுறை தப்பித்தாலும் அடுத்த முறை சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் p எண்ணிக்கையில் a-க்களும் அதே p எண்ணிக்கையில் b-க்களும் கூடுவதே ஒரே வழி. p என்பது n-ஐத் தாண்டாது என்பதால் n!-ஐ மீதியின்றி வகுக்கும். எனவே கூடுதலாக n!/p சுற்றுகள் பெருக்கினால் a^(n+n!) b^(n+n!) c^(n+n!) என்ற சரம் கிடைக்கிறது. n!-ஐ இழுத்து வந்ததன் தந்திரம் முழுவதும் இந்த வகுபடுதலில்தான் இருக்கிறது.

அடுத்து a^(n+n!) b^n c^n என்ற சரத்தை எடுத்து, c-க்களைக் குறியிட்டு இதையே செய்தால், b-க்களும் c-க்களும் சேர்ந்து பெருகி, கடைசியில் அதே சரத்துக்கே வந்து சேர்கிறோம்.

இரண்டு வழிகளும் ஒரே மரத்தைத்தான் தந்தன என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் வழியில் கிடைத்த மரத்தில், a-க்களையும் b-க்களையும் மட்டுமே ஈனும் கிளை மரம் ஒன்று இருக்கிறது, அதற்குள் n!-க்கும் அதிகமான b-க்கள் உள்ளன, c ஒன்றுகூட இல்லை. இரண்டாம் வழியில் கிடைத்த மரத்தில், b-க்களையும் c-க்களையும் மட்டுமே ஈனும் கிளை மரம் இருக்கிறது, அதிலும் n!-க்கும் அதிகமான b-க்கள் உள்ளன, a ஒன்றுகூட இல்லை. இவை இரண்டும் ஒரே மரத்தின் கிளைகளாக இருந்தால், ஒன்று மற்றொன்றுக்குள் அடங்க வேண்டும், இல்லையேல் இரண்டும் பொது எழுத்து எதுவுமின்றித் தனித்தனியே நிற்க வேண்டும். ஒன்றில் உள்ள a மற்றதில் இல்லை, மற்றதில் உள்ள c இதில் இல்லை என்பதால் அடங்க முடியாது. தனித்தனியே நிற்பதென்றால் b-க்கள் மட்டுமே 2·n!-க்கு மேல் வேண்டும். சரத்தில் இருப்பதோ n + n! மட்டுமே, அது 2·n!-ஐத் தாண்டாது. ஆகவே மரங்கள் இரண்டும் வேறு வேறு.

இலக்கணத்தைப் பற்றி நாம் எதையும் ஊகிக்கவில்லை என்பதால் இந்த வாதம் எல்லா இலக்கணங்களுக்கும் பொருந்தும். இத்தனைக்கும் i = j என்ற பாதியையும் j = k என்ற பாதியையும் தனித்தனியே எடுத்தால் இரண்டுக்கும் மயக்கமற்ற இலக்கணங்கள் உண்டு; மேலே உள்ள XC, AY ஆகிய விதிகளே அவை. நீங்கள் படித்த கூட்டல், பெருக்கல் கோவைகளில் குறை இலக்கணத்தில் இருந்தது; இங்கே குறை மொழியிலேயே இருக்கிறது.