செய்தி வாசிப்பைக் கதைப்பாக மாற்றுவது எப்படி?

கேள்வி: விதைநெல் தயாரிப்பது பற்றிய 4 நிமிடக் காணொளி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே குரல் பதிந்து அனுப்பினேன். வேலை தந்தவர்கள், "குரல் நல்லா இருக்கு, ஆனால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. கமக்காரரோட சிநேகமாக் கதைக்கிற மாதிரி வேணும்" என்கிறார்கள். சிரித்த முகத்தோடு வாசித்தும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: முதலில் பிரதியை எடுத்துப் பாருங்கள். "அவசியமானதாகும்", "மூடப்பட வேண்டும்" என்று முடியும் வசனங்களை எவ்வளவு கனிவாக வாசித்தாலும் அவை அறிவித்தலாகத்தான் கேட்கும். எனவே மைக்கைத் தொடமுன் அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பிரதியின் சொற்களை மாற்றலாமா, எந்த நிமிடத்தில் வரும் பகுதி அதிகம் உறுத்துகிறது. பிரதியை விவசாயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சரியென்று சொல்லியிருப்பார். கேட்காமல் மாற்றினால் பதிவு திரும்பி வரும்.

அனுமதி கிடைத்தால் இப்படி ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்:

"விதைநெல்லை 24 மணித்தியாலங்கள் நீரில் ஊறவைத்தல் அவசியமானதாகும். அதன் பின்னர் நீர் வடிக்கப்பட்டு, ஈரச்சாக்கினால் மூடப்பட வேண்டும்."

இதை "ஒரு நாள் தண்ணியில ஊறப்போடுங்கோ" என்று மாற்றத்தான் முதலில் தோன்றும். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காலையில் ஊறப்போட்டுப் பின்னேரமே வடித்துவிட்டு, ஒரு நாள் முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள். சிநேகமாகச் சொல்லப்போய்க் கணக்கைத் தொலைக்கக்கூடாது. "இண்டைக்குக் காலமை ஊறப்போட்டால், நாளைக்குக் காலமை தண்ணியை வடியுங்கோ. பிறகு ஈரச்சாக்கால மூடி வையுங்கோ" என்றால் 24 மணித்தியாலமும் தப்பாது, கதைப்பாகவும் இருக்கும்.

பேச்சு வழக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பதையும் அவர்களிடமே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வன்னியில் பரம்பரையாக இருப்பவர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், குறிப்பாக 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இருக்கிறார்கள். "-ங்கோ" எல்லோருக்கும் விளங்கும், ஆனால் எல்லோரும் அப்படிக் கதைப்பதில்லை. மாவட்டம் முழுவதற்கும் போகிற காணொளி என்றால் "ஊறப்போடுங்கள், வடியுங்கள்" என்று முடித்து, வசனத்தைச் சின்னதாகவும் நேராகவும் வைத்தாலே போதும் என்பது என் எண்ணம். எதை எடுத்தாலும் 4 நிமிடமும் அதிலேயே நில்லுங்கள். "ஊறப்போடுங்கோ" என்று தொடங்கி "மூடுதல் வேண்டும்" என்று முடித்தால் முழுவதும் எழுத்து நடையில் இருப்பதைவிட மோசமாகக் கேட்கும்.

அடுத்தது வாசிப்பு. செய்தி நடையில் ஒவ்வொரு வசனமும் ஒரே அளவில் இறங்கி, கடைசி வினைச்சொல்லில் விழும். நேரில் கதைக்கும்போது அழுத்தம் புதிய தகவலில் விழும். மேலே உள்ள உதாரணத்தில் அது "நாளைக்குக் காலமை". அந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, வினைச்சொல்லை இலேசாக விட்டுவிடுங்கள். தெரிந்த ஒரு கமக்காரரை மனதில் வைத்து அவருக்குச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம். கேட்பவர் வேலையை மனதில் செய்து பார்க்க, ஒவ்வொரு படிக்கும் பிறகு சின்ன இடைவெளி வேண்டும். சிரிப்பு வரவேற்பு வரிக்குப் பொருந்தும். விதை முளைக்காமல் போவதைச் சொல்லும் இடத்திலும் அதே சிரிப்பு இருந்தால் கமக்காரருக்குக் கோபம்தான் வரும்.

சொற்களை மாற்ற அனுமதி இல்லையென்றால் இந்த அழுத்தமும் இடைவெளியும் மட்டும்தான் உங்கள் கையில். கொஞ்சம் இளகும், முழுதாக மாறாது. அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மைக்கை ஒரு சாணுக்கு அப்பால் வைத்துப் பதிந்திருந்தால், வாயிலிருந்து 12 முதல் 15 சென்றிமீற்றர் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒருபக்க ஒலியை எடுக்கும் மைக்கில் கிட்டப்போகக் குரலின் அடித்தொனி கூடி, பக்கத்தில் இருந்து கதைக்கும் உணர்வு வரும். குரலையும் அதற்கேற்பத் தணித்துக்கொள்ளுங்கள். "ப" போன்ற எழுத்துகளில் காற்று அடித்தால், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

முழுவதையும் உடனே பதிய வேண்டாம். 30 விநாடி மாதிரி ஒன்று அனுப்பி, சரியென்ற பிறகு தொடக்கம் முதல் முடிவு வரை புதிதாகப் பதியுங்கள். உறுத்திய வரிகளை மட்டும் பதிந்து ஒட்டினால் குரல் மாறுவது தெளிவாகத் தெரியும். மாதிரியோடு மாற்றிய பிரதியையும் அனுப்புங்கள். காணொளியில் எழுத்து வரிகள் ஓடினால் அவற்றையும் அவர்கள் திருத்த வேண்டியிருக்கும்.

தொனிக்காக ஒருமுறை திரும்பப் பதிவது பேசிய காசுக்குள் அடங்கலாம். பிரதியைத் திருத்தி எழுதுவது வேறு வேலை. அதற்கு எவ்வளவு என்பதை மாதிரி அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள்.