தெரிஞ்சவங்க பதினஞ்சு பேர் இருந்தும் வேலை ஏன் கிடைக்கல?

"அக்கா, நான் இங்க வந்து ஏழு மாசம் ஆச்சு. வரலாறு எம்.ஏ. முடிச்சிருக்கேன். தினமும் ஆன்லைன்ல அப்ளை பண்றேன், பதிலே வரல. நெட்வொர்க் இருந்தா தான் வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு நம்ம ஆளுங்க பதினஞ்சு பேர் நல்லா பழக்கம், ஆனா அவங்க மூலமா வர்றது எல்லாம் பேக்கிங் வேலை தான். அப்புறம் இது சிபாரிசு பிடிக்கிற மாதிரி தானே, தப்பில்லையா?"

தம்பி, அந்த பதினஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா? அப்படித் தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதுல தான் சிக்கலே. பதினஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சிருந்தா அந்தக் கூட்டத்துக்குள்ள மொத்தம் 105 ஜோடி பழக்கம் இருக்கு, கேட்க பெரிய நெட்வொர்க் மாதிரி தெரியும், ஆனா வேலை பத்தின சேதின்னு பார்த்தா அது கிட்டத்தட்ட ஒரே ஆள் தான். திங்கட்கிழமை ஒருத்தர் காதுல விழுந்தது புதன்கிழமைக்குள்ள எல்லாருக்கும் போயிடும், உங்களுக்கு அதே சேதி நாலு பேர் வழியா நாலு தடவை வரும், அஞ்சாவதா புதுசா ஒண்ணும் வராது.

இதுக்கு சமூகவியல்ல சமூக மூலதனம்னு ஒரு சொல் இருக்கு, எம்.ஏ.ல பியர் பூர்தியூன்னு ஒரு பிரெஞ்சு சமூகவியலாளர் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் பிரிச்ச மாதிரி பார்த்தா, கையில இருக்கிற காசு ஒரு வகை மூலதனம், படிப்பும் பேசுற விதமும் இன்னொரு வகை, உங்களை அறிஞ்சவங்க வழியா உங்களுக்கு எட்டக்கூடியது மூணாவது வகை. நாடு மாறும்போது முதல் ரெண்டையும் ஓரளவு கூட எடுத்துட்டு வரலாம். மூணாவது அங்கேயே நின்னுடும். உங்க டிகிரி சர்டிபிகேட் பையில இருக்கு, ஆனா "இந்தப் பையன் நல்லா வேலை செய்வான்"னு சொல்லக்கூடிய பேராசிரியர் குரல் இந்த ஊர் ஆபீஸ் வரைக்கும் எட்டாது. ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கு இது கூடுதலா அடிக்குது, ஏன்னா நர்ஸ், எலக்ட்ரீஷியன் மாதிரி லைசென்ஸ் எழுதி வாங்கிட்டா திறமை நிரூபணம் ஆகிடுற துறை இல்ல நம்மளோடது. வரலாறு படிச்சவன் என்ன செய்வான்னு ஆள் எடுக்கிறவருக்கு சர்டிபிகேட்ட பார்த்து ஊகிக்க முடியாது, யாராவது சொன்னா தான் தெரியும்.

இந்த விஷயத்தை உருப்படியா அளந்து பார்த்தவர் மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்னு ஒரு ஊர், அங்க சமீபத்துல வேலை மாறின படிச்ச உத்தியோகஸ்தங்களை பிடிச்சு இந்த வேலை எப்படி கிடைச்சதுன்னு கேட்டார். பாதிக்கு மேல பேர் தெரிஞ்சவங்க மூலம்னு சொன்னாங்க, அது பெரிய ஆச்சரியம் இல்ல. ஆச்சரியம் அடுத்த கேள்வில வந்தது, அந்தத் தெரிஞ்சவரை அந்த சமயத்துல எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்த்துட்டு இருந்தீங்கன்னு கேட்டார். பதில் சொன்ன 54 பேர்ல வாரம் ரெண்டு தடவையாவது பார்க்கிறவங்க மூலம் வேலை கிடைச்சது வெறும் 9 பேருக்கு. 30 பேருக்கு எப்பவாவது பார்க்கிறவங்க மூலம், மீதி 15 பேருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் குறைவாவோ பார்க்கிறவங்க மூலம். பழைய காலேஜ்மேட், முன்னாடி கூட வேலை பார்த்தவர், இப்படி. 1973ல அவர் எழுதின கட்டுரைல இதுக்கு பலவீனமான பிணைப்புகளின் பலம்னு பேர் வச்சார்.

காரணம் நான் மேல சொன்னது தான். நெருங்கின ஆளுங்களுக்கு உங்க மேல அக்கறை அதிகம், ஆனா அவங்க நடமாடுற இடமும் உங்க இடமும் ஒண்ணு. அரைகுறையா பழகினவருக்கு அக்கறை கம்மி தான், ஆனா அவர் வேற இடத்துல நடமாடுறார், அவர் கேட்கிறது நீங்க கேட்காதது.

என் கதைய சொல்றேன், அதுல இது எல்லாம் வருது. வந்து பதினோராம் நாள் எனக்கு வேர்ஹவுஸ்ல பேக்கிங் வேலை கிடைச்சது, ரூம்ல கூட இருந்தவங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வாங்கிக் கொடுத்தாங்க. அதை நான் குறைச்சு பேசவே மாட்டேன், அந்த ரூமும் அந்த சம்பளமும் இல்லன்னா நான் இங்க நின்னிருக்க முடியாது, கஷ்டத்துல தாங்குறது நெருங்கின உறவு தான். ஆனா ரெண்டு வருஷம் அதுலயே இருந்தேன். அந்த வேர்ஹவுஸ்ல முக்கால்வாசி பேர் நம்ம மொழி தான், ஏன்னா ஒருத்தர் இன்னொருத்தரை சேர்த்து விட்டு சேர்த்து விட்டு அப்படி ஆனது. எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச காலி இடம் இன்னொரு வேர்ஹவுஸ் தான்.

அப்புறம் ஒரு நூலகத்துல பழைய போட்டோக்களுக்கு தேதி, இடம், ஆள் விவரம் எழுதி அட்டவணைப்படுத்த வாலண்டியர் தேடுறாங்கன்னு நோட்டீஸ் பார்த்து சனிக்கிழமைகள்ல போக ஆரம்பிச்சேன், வரலாறு தொட்டு ரொம்ப நாள் ஆச்சேன்னு தான் போனேன், வேலை கிடைக்கும்னு இல்ல. அங்க ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் மாசத்துக்கு ரெண்டு தடவை வருவார். நாலு மாசத்துல மொத்தமா ரெண்டு மணி நேரம் பேசியிருப்போமா தெரியல. ஒரு நாள் அவரா சொன்னார், அவர் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு ஆவணக் காப்பகத்துல இருக்காங்களாம், அங்க ஒருத்தங்க பிரசவ லீவுல ஒன்பது மாசம் போறாங்க, அந்த இடத்துக்கு ஆள் வேணும், இன்னும் விளம்பரம் வரலன்னு. நான் அந்தம்மாவுக்கு மெயில் போட்டேன், விளம்பரம் வந்ததும் முறைப்படி அப்ளை பண்ணேன், இன்டர்வியூல அஞ்சு பேர்ல ஒருத்தியா உக்காந்தேன், கிடைச்சது.

இதுல ரெண்டு வேற வேற வேலை நடந்திருக்கு, பிரிச்சு பாருங்க. பெரியவர் கொடுத்தது சேதி மட்டும். அவர் எனக்காக சத்தியம் பண்ணல, பண்ற அளவுக்கு என்னை தெரியவும் தெரியாது. எனக்காக பேசினது நூலகத்துல வாலண்டியர்களை பார்த்துக்கிட்ட அம்மா, அவங்க எழுதின ரெஃபரன்ஸ்ல "நல்ல பொண்ணு"ன்னு எழுதல, நானூறுக்கு மேல போட்டோ அட்டவணை பண்ணியிருக்கா, சந்தேகம் இருந்த இடத்துல ஊகிக்காம சந்தேகம்னு குறிச்சு வச்சிருக்கான்னு எழுதினாங்க. காப்பகத்துக்காரங்களுக்கு தெரிய வேண்டியது அது ஒண்ணு தான், எங்க யூனிவர்சிட்டி பேர் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லல, அந்த ஒரு வரி சொல்லிச்சு. சேதிக்கு தூரத்துப் பழக்கம் போதும், உத்தரவாதத்துக்கு உங்க வேலைய கண்ணால பார்த்த ஆள் வேணும். பலர் ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட எதிர்பார்த்து, அரை மணி நேரம் பேசினவர்கிட்ட போய் "என்னை ரெகமண்ட் பண்ணுங்க"ன்னு கேட்டுடுறாங்க, அவர் எப்படி தன் பேரை பணயம் வைப்பார், சங்கடப்பட்டு விலகிடுவார்.

நானும் அந்த தப்பு பண்ணேன். முதல் வருஷம் கொஞ்சம் பழகினவங்க எல்லார்கிட்டயும் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு சொல்லி வச்சேன், எல்லாரும் சரின்னாங்க, ஒருத்தரும் சொல்லல. கெட்ட எண்ணம் இல்ல, "ஏதாவது வேலை"ங்கிறது யார் மனசுலயும் ஒட்டாது, அவங்க ஆபீஸ்ல காலி இடம் வரும்போது என் முகம் ஞாபகம் வர ஒரு காரணமும் இல்ல. பெரியவருக்கு ஏன் ஞாபகம் வந்ததுன்னா அவர் பார்த்தது பழைய போட்டோவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணை, காப்பகம்ங்கிற சொல் காதுல விழுந்ததும் நான் நினைவுக்கு வந்துட்டேன். அதனால கேட்கும்போது குறிப்பா கேளுங்க. "நான் வரலாறு படிச்சவன், பழைய ஆவணம் வாசிச்சு சுருக்கி எழுதுவேன், உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி வேலை எந்தப் பிரிவுல நடக்குது, அங்க ஒரு நாள் எப்படி போகும்னு பதினஞ்சு நிமிஷம் கேட்டுக்கலாமா" அப்படின்னு. வேலை கேட்டா இருக்கு இல்லன்னு ரெண்டே பதில், இல்லன்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சது. இப்படி கேட்டா சொல்றதுக்கு அவங்களுக்கு நிறைய இருக்கும், பேச்சோட பேச்சா அடுத்த ஆள் பேரும் வரும்.

முன்பின் தெரியாத ஐநூறு பேருக்கு லிங்க்ட்இன்ல ரிக்வெஸ்ட் அனுப்புறதும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. அந்த தளத்துலயே ரெண்டு கோடி பேர் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய சோதனை அஞ்சு வருஷம் நடந்து 2022ல முடிவு வெளிவந்தது, யாரை உங்களுக்கு அறிமுகம் காட்டணும்ங்கிற முறையை மாத்தி மாத்தி பார்த்தாங்க. நெருங்கின பழக்கத்தை விட தூரத்து பழக்கம் வேலை மாற உதவுதுங்கிறது அதுலயும் தெரிஞ்சது, ஆனா ரொம்ப தூரம் போனா பலன் குறையுது, நடுத்தரமா பலவீனமான பழக்கம் தான் நல்லா வேலை செஞ்சது. உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொது ஆளுங்க கொஞ்சம் பேராவது இருக்கணும், முழு அந்நியரா இருக்கக் கூடாது. டிஜிட்டலா நடக்கிற துறைகள்ல தூரத்து பழக்கம் கூடுதலா உதவுது, அப்படி இல்லாத துறைகள்ல நெருங்கினவங்களும் முக்கியம். எல்லா சமூகத்துலயும் ஒரே மாதிரி இல்லங்கிறதும் உண்டு, வேலைய அரசாங்கமே ஒதுக்கிக் கொடுத்த காலத்து சீனாவை ஆராய்ஞ்ச யான்ஜியே பியான் அங்க நெருங்கின உறவு தான் வழி திறந்ததுன்னு காட்டியிருக்கார், ஏன்னா அங்க தேவைப்பட்டது சேதி இல்ல, ஒதுக்குற அதிகாரிகிட்ட செல்வாக்கு, அதுக்கு ஒருத்தர் உங்களுக்காக ரிஸ்க் எடுக்கணும்.

சிபாரிசு பத்தி கேட்டீங்களே, அந்த கேள்வி எனக்கு பிடிச்சது. எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சது, ஆனா இன்டர்வியூல மத்த நாலு பேரோட தான் போட்டி போட்டேன், தகுதி இல்லாத ஆளை உள்ள தள்ளுறதுல இருந்து இது வேற. அதுக்காக முழுசா நியாயம்னும் சொல்ல மாட்டேன். எந்த வழியா எங்க வேர்ஹவுஸ் முக்கால்வாசி நம்ம ஆளுங்களா ஆச்சோ அதே வழியா தான் காப்பகத்துல இருந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி குடும்பங்கள்ல இருந்து வந்திருந்தாங்க, வெளிய நிக்கிறவனுக்கு கதவு எங்க இருக்குன்னே தெரியாது. சனிக்கிழமை சம்பளம் இல்லாம உழைக்க நேரம் இருந்ததும் என் அதிர்ஷ்டம், ரெண்டு ஷிஃப்ட் ஓடுறவங்களுக்கு அது கிடையாது. இப்ப எங்க இடத்துல ஆள் எடுக்கிறப்போ விளம்பரம் வந்த அன்னைக்கே மொழி வகுப்பு நடக்கிற இடங்களுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்.

நீங்க முதல்ல ஒண்ணு செய்ங்க, கடைசியா உங்க காதுக்கு வந்த அஞ்சு வேலை சேதியை எழுதி, ஒவ்வொண்ணும் யார் சொன்னாங்க, அதுக்கு முன்னாடியே வேற யார்கிட்டயாவது கேட்டிருந்தீங்களான்னு குறிங்க. அஞ்சும் ஏற்கனவே கேட்டதுன்னா இன்னொரு பதினஞ்சு பேரை அதே கூட்டத்துல சேர்த்து பிரயோஜனம் இல்ல. அப்புறம் எம்.ஏ. கூட படிச்சவங்க இப்ப எந்த எந்த நாட்டுல, என்ன வேலைல இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, பேசி ரெண்டு வருஷம் ஆச்சேன்னு கூச்சப்படாதீங்க, நியூட்டன்ல அந்த 15 பேர் கதை அது தான். உங்க எம்.ஏ. ஆய்வு எதைப் பத்தின்னு எழுதுங்க, காப்பகத்துல எந்தப் பிரிவுல அந்த மாதிரி ஆவணம் கையாளுறாங்கன்னு நான் விசாரிச்சு சொல்றேன். நீங்க எழுதின ஒரு பக்கமாவது சேர்த்து அனுப்புங்க, அதை வாசிக்காம உங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் பேச முடியாது.